கூம்புக் குழலில் எல்லாச் சீரிசைகளும், மூடிய உருளையில் ஒற்றைப்படை மட்டும்: கேள்விகளும் பதில்களும்

கிளாரினெட், சோப்ரானோ சாக்ஸபோன் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம், இரண்டிலும் ஒற்றை ரீட்தான். அப்புறம் ஏன் கிளாரினெட் மட்டும் அவ்வளவு கீழே இறங்குகிறது?

உள்துளையின் வடிவம்தான் காரணம். கிளாரினெட்டின் துளை பெரும்பகுதியும் ஒரே விட்டத்தில் ஓடும் உருளை. சாக்ஸபோனின் துளை ரீட் பக்கத்தில் குறுகி, திறந்த முனை வரை சீராக விரிந்துகொண்டே போகும் கூம்பு. வழக்கமான பி-பிளாட் கிளாரினெட்டின் மிகக் கீழான சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸ். சோப்ரானோ சாக்ஸபோனில் அது சுமார் 208 ஹெர்ட்ஸ்.

நீளம் துல்லியமாக ஒன்றாக இருந்தால் இந்த வித்தியாசம் இரு மடங்காக வேண்டும். இங்கே அவ்வளவு வராததற்குக் காரணம், சாக்ஸபோனின் கூம்பை ரீட் இருக்கும் இடத்தோடு அளந்து நிறுத்த முடியாது என்பதே. பக்கச் சுவர்களை நீட்டினால் அவை சந்திக்கும் கற்பனை நுனிவரை அளக்க வேண்டும். அந்த நுனி பல சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

அழுத்தி ஊதினால் கிளாரினெட் "பன்னிரண்டாம் சுரத்துக்கு" தாவும் என்கிறார்கள். நம் கணக்கில் அது எது?

கீழே ஸ வாசித்துக்கொண்டிருந்தால் அடுத்த ஸ்தாயியின் ப. அதிர்வெண் மும்மடங்காகிறது. சாக்ஸபோனிலோ நாதஸ்வரத்திலோ அதே வேலையைச் செய்தால் மேல் ஸ வரும், அதாவது இரு மடங்கு. அடிப்படை அதிர்வெண்ணின் இப்படிப்பட்ட முழு மடங்குகளைத்தான் சீரிசைகள் என்கிறோம்.

இது ஒலித்தன்மையோடு நிற்பதில்லை, விரல் வேலையையே மாற்றிவிடுகிறது. கூம்புக் குழலில் ஒரு ஸ்தாயிக்குத் துளைகள் இருந்தால் போதும், அதே விரலமைப்பு மேலே திரும்ப வரும். கிளாரினெட்டில் கீழ்ப்பகுதி முழுவதற்கும் 19 அரைச்சுரங்களுக்கு இடம் செய்த பிறகே விரலமைப்பு திரும்புகிறது. கிளாரினெட்டில் சாவிகள் மொய்த்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சாக்ஸபோனிலிருந்து கிளாரினெட்டுக்கு மாறுகிறவர்கள் முதல் மாதம் திணறுவதும் இங்கேதான்.

மூடிய ஆர்கன் குழாயில் 1 : 3 : 5 என்று பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்தேன். உண்மையில் இரட்டைப்படை ஏன் வரவில்லை?

கணு, எதிர்க்கணு படத்தை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே ஒரு அழுத்தத் துடிப்பு குழாய்க்குள் போய்வருவதைப் பின்தொடருங்கள்.

மூடிய முனையில் காற்றைச் சட்டென்று ஒரு தள்ளு தள்ளுகிறீர்கள். உயர் அழுத்தத் துடிப்பு ஒன்று திறந்த முனைக்கு ஓடுகிறது. அங்கே வெளிக்காற்று அழுத்தத்தை உயரவிடாது, அதனால் துடிப்பு தலைகீழாகித் திரும்புகிறது. போனது அழுத்தம், வருவது உறிஞ்சல். அது மூடிய முனையில் மோதும்போது சுவர் அதை அப்படியே திருப்பி அனுப்புகிறது, உறிஞ்சல் உறிஞ்சலாகவே போகிறது. மறுபடி திறந்த முனை, மறுபடி தலைகீழ், இப்போதுதான் அது அழுத்தமாகத் திரும்புகிறது. ஆக, தொடங்கிய நிலைக்கு வர குழாயை நான்கு முறை கடக்க வேண்டும். நீளம் `L`, ஒலியின் வேகம் `c` என்றால் ஒரு சுற்றுக்கு `4L/c` நேரம், அடிப்படை அதிர்வெண் `c/4L`.

இனி இரட்டைப்படையைப் பாருங்கள். அடிப்படையைப் போல இரு மடங்கு வேகத்தில் மூடிய முனையைத் தள்ளினால், இரண்டாவது தள்ளு சரியாக `2L/c` நேரத்தில் விழும். அந்த நேரத்தில் முதல் தள்ளு உறிஞ்சலாகத் திரும்பி வந்து நிற்கிறது. தள்ளும் உறிஞ்சலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நான்கு மடங்கு, ஆறு மடங்கிலும் இதே கதிதான். மூன்று மடங்கில் மட்டும், உறிஞ்சல் வரும்போது அதிர்வும் உறிஞ்சும் பாதியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வலுக்கின்றன. ஐந்திலும் ஏழிலும் அப்படியே.

ரீட் பக்கம் எப்படி "மூடிய" முனை ஆகும்? அங்கேதானே காற்றை ஊதுகிறோம்?

ரீட்டின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது, அதுவும் பலமாக ஊதினால் ஒவ்வொரு அதிர்விலும் சிறிது நேரம் மூடிக்கொள்ளும். ஒலி அலையின் கண்ணுக்கு அது ஏறக்குறையச் சுவர்தான். அங்கே அழுத்தம் தாராளமாக ஏறி இறங்கலாம், காற்றோட்டம் மட்டும் மிகக் குறைவு.

கூம்பிலும் ஒரு பக்கம் ரீட்டால் மூடித்தானே இருக்கிறது? அப்படியென்றால் அதே நான்கு பயணம்தானே ஆக வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. உருளையில் அலை அதே அளவில் நேராகப் போகிறது. கூம்பில் அப்படி இல்லை. நுனியிலிருந்து கிளம்பும் அலை கோள வடிவில் விரிகிறது. பரப்பு தூரத்தின் இருமடிப்படி கூடுவதால் அழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. திரும்பி நுனியை நோக்கி வரும்போது அதே கணக்கில் ஏறுகிறது.

நுனியிலிருந்து தூரத்தை `r` என்று வைத்து, அழுத்தம் `p`-ஐ அதனால் பெருக்கி `rp` என்ற ஒன்றைப் பார்த்தால் ஒரு வசதி கிடைக்கிறது. விரிவும் சுருக்கமும் அந்தப் பெருக்கலில் அடங்கிவிடுவதால், `rp` ஒரு சாதாரண நேர்குழாயில் ஓடும் அலையைப் போலவே நடந்துகொள்கிறது. இப்போது நுனிக்கு வருவோம். அங்கே `r` பூச்சியம். அழுத்தம் எவ்வளவு பெரிதானாலும் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும். எனவே `rp` அங்கே பூச்சியமாக இருந்தே தீரும். திறந்த முனையிலும் அழுத்தம் இல்லாததால் `rp` பூச்சியம். இரு முனையிலும் பூச்சியம் என்றால் அது இரு பக்கமும் கட்டிய வீணைத் தந்தியின் கணக்கு. 1, 2, 3, 4 எல்லாம் வரும்.

துடிப்பின் மொழியில் சொன்னால், உருளையின் மூடிய சுவர் செய்யாத ஒன்றைக் கூம்பின் நுனி செய்கிறது. வந்த துடிப்பைத் தலைகீழாக்கி அனுப்புகிறது. திறந்த முனையில் ஒரு தலைகீழ், நுனியில் இன்னொன்று. இரண்டே கடப்பில் துடிப்பு பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. சுற்று நேரம் `2L/c`, அடிப்படை `c/2L`. இரட்டைப்படையை அழிக்க நடுவே உறிஞ்சலாக வந்து நிற்பவர் யாரும் இல்லை.

அப்படியானால் கூம்பின் நுனி திறந்த முனை மாதிரி நடக்கிறது என்று சொல்லலாமா? ஒரு இணையதளத்தில் அப்படித்தான் படித்தேன்.

சொல்லாதீர்கள். அதிர்வெண் பட்டியல் இருபக்கமும் திறந்த குழாயோடு ஒத்துப்போவதால் பலரும் அங்கே வழுக்கிவிடுகிறார்கள். நுனியில் `rp`தான் பூச்சியம், அழுத்தம் அல்ல. கூம்புக்குள் நிலையலையின் அழுத்தம் இப்படி இருக்கும்:

```
p = sin(kr) / r
```

`k` என்பது அதிர்வெண்ணைப் பொறுத்த ஒரு எண். `r` பூச்சியத்தை நெருங்கும்போது இந்த மதிப்பு `k`-க்குப் போகிறது. குழலின் எல்லா இடத்தையும்விட அழுத்தம் அங்கேதான் அதிகம். காற்றின் அசைவு அங்கே பூச்சியம். மூடிய முனைக்கு இதைவிட என்ன இலக்கணம் வேண்டும்? ரீட் வேலை செய்ய அழுத்த ஏற்ற இறக்கம் தேவை. நுனி உண்மையில் திறந்த முனையாக இருந்தால் சாக்ஸபோனில் ரீட் ஆடவே ஆடாது.

முதல் அதிர்வு வகையை வரைந்து பார்த்தால் உருளையும் கூம்பும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கும். இரண்டிலும் அழுத்தம் மூடிய பக்கம் உச்சம், திறந்த பக்கம் பூச்சியம், இடையில் கணு எதுவும் இல்லை. படத்தை மட்டும் பார்த்தால் "கால் அலை" என்று இரண்டையும் சொல்லத் தோன்றும். கூம்பில் அது கால் அலை இல்லை, `r`-ஆல் வகுபட்டதால் உருமாறிய அரை அலை.

சமன்பாடு இல்லாமல் இதை உணர ஏதாவது வழி உண்டா?

ஒரு மூடிய உருளையை எடுத்து, மூடிய பக்கத்தை மெல்லக் குறுக்கி, திறந்த பக்கத்தை மெல்ல விரித்துக்கொண்டே போவதாக நினையுங்கள். மூடிய பக்கம் அழுத்தம் ஏறி இறங்கும் இடம். அங்கே இடத்தைக் குறைத்தால் காற்று விறைப்பாகிறது. திறந்த பக்கம் காற்று முன்னும் பின்னும் ஓடும் இடம். அங்கே வழியை அகலமாக்கினால் ஓட்டம் இலகுவாகிறது. விறைப்பு கூடி, சுமை குறைந்தால் அதிர்வெண் ஏறும். ஆகவே எல்லா அதிர்வு வகைகளும் மேலே நகர்கின்றன.

எவ்வளவு நகர்கின்றன என்பதில்தான் அழகு இருக்கிறது. `c/4L`-ஐ ஒரு படி என்று கொண்டால் உருளையின் வரிசை 1, 3, 5, 7. முழுக் கூம்பாகும்போது ஒவ்வொன்றும் சரியாக ஒரு படி ஏறி 2, 4, 6, 8 ஆகிறது. நுனியில் சேர்ந்த அந்தத் தலைகீழ் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே அளவு என்பதால் எல்லோருக்கும் ஒரே ஏற்றம். 2, 4, 6, 8 என்பது 1, 2, 3, 4-இன் விகிதமேதான். ஆக, கூம்பு விட்டுப்போன இரட்டைப்படைகளை ஒற்றைப்படைகளின் இடையே செருகவில்லை. இருந்தவற்றையே மொத்தமாக மேலே தள்ளி, புதிய அடிப்படை ஒன்றின் முழு மடங்குகளாக்கிவிட்டது. அதிர்வு வகைகளின் நெருக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

எண்களோடு ஒரு உதாரணம் தாருங்கள்.

நீளம் 60 செ.மீ., ஒலியின் வேகம் நொடிக்கு 345 மீட்டர் (சுமார் 23 டிகிரி வெப்பம்). திறந்த முனையில் அலை சற்று வெளியே நீள்வதால் வரும் சிறு திருத்தத்தை இங்கே விட்டுவிடுகிறேன்.

மூடிய உருளை: 143.75, 431.25, 718.75 ஹெர்ட்ஸ்.
நுனிவரை முழுக் கூம்பு: 287.5, 575, 862.5 ஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு ஜோடிக்கும் இடையே 143.75 ஹெர்ட்ஸ்தான் வித்தியாசம்.

நிஜ வாத்தியத்தில் கூர்மையான நுனி ஏது? நுனியை வெட்டிவிட்டுத்தானே ரீட் வைக்கிறோம்?

மேலே உள்ள அதே கூம்பை எடுப்போம். திறந்த வாயின் விட்டம் 3 செ.மீ. நுனியிலிருந்து 12 செ.மீ. தூரத்தில், விட்டம் 6 மி.மீ. இருக்கும் இடத்தில் வெட்டுகிறோம். மீதி 48 செ.மீ. வெட்டிய இடத்தைத் தட்டையாக மூடினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டால் முதல் மூன்று அதிர்வெண்கள் சுமார் 294, 612, 950 ஹெர்ட்ஸ் வருகின்றன. 294-இன் மேல் ஸ 588 ஆக இருக்க வேண்டும். வந்திருப்பது அதைவிடச் சுமார் 70 சென்ட் கூடுதல், ஒரு அரைச்சுரம் 100 சென்ட் என்பதால் முக்கால் அரைச்சுரத்துக்கு அருகில். மூன்றாவது இன்னும் மோசம், ஒரு அரைச்சுரத்தையும் தாண்டிவிட்டது. இந்தக் குழலை யாரும் மேடையில் வாசிக்க முடியாது.

இன்னும் அதிகமாக, கூம்பின் நீளத்தில் பாதியை வெட்டிவிட்டால் விகிதம் 1 : 2.42 : 3.93 ஆகிறது. ஸ்தாயியும் இல்லை, பன்னிரண்டாம் சுரமும் இல்லை, நடுவே எங்கோ தொங்குகிறது. ரீட் குழல்கள் பெரும்பாலும் உருளை, ஏறக்குறைய முழுக் கூம்பு என்ற இரண்டு முகாமிலேயே தங்கிவிட்டதற்கு இதுவே காரணம். இடைப்பட்ட வடிவங்களில் மேல் ஸ்தாயி சுருதியில் நிற்காது.

சரிசெய்யும் வழி எளிது. வெட்டி எறிந்த நுனிக்குள் எவ்வளவு காற்று இருந்ததோ, அவ்வளவு காற்றை வேறு வடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் அந்த நுனியின் கொள்ளளவு சுமார் 1.1 மில்லிலிட்டர். அதே கொள்ளளவில் ஒரு சின்ன அறையை வெட்டிய இடத்தில் பொருத்தினால் முதல் இரண்டும் சுமார் 288, 579 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடுகின்றன. 70 சென்ட் பிழை 12 சென்டாகச் சுருங்குகிறது. மூன்றாவதில் இன்னும் 40 சென்ட் அளவு மிஞ்சும். ஏனென்றால் அதிர்வெண் ஏற ஏற, அந்த அறைக்கு வெறும் கொள்ளளவு மட்டுமல்லாமல் வடிவமும் முக்கியமாகிறது. மீதியைத் துளை வைக்கும் இடத்திலும் வாசிப்பவரின் உதட்டிலும் சரிக்கட்டுகிறார்கள்.

என் சாக்ஸபோனில் மேல் ஸ்தாயி முழுவதும் சுருதி ஏறிக்கிடக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

இருக்கலாம். கீழ் ஸ்தாயி சரியாக நின்று மேல் ஸ்தாயி மட்டும் ஏறினால், மவுத்பீஸின் உள் அறை வேண்டியதைவிடச் சிறிதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே 70 சென்ட் ஏறியதும் இதே நோயின் முற்றிய நிலைதான். அறை பெரிதாக இருந்தால் எதிர்மாறாக மேல் ஸ்தாயி இறங்கும். மவுத்பீஸைக் கார்க்கில் உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும் நீளத்தோடு இந்தக் கொள்ளளவையும் சேர்த்தே மாற்றுகிறது. அதனால்தான் ஒரு சுரத்தைச் சரிசெய்யப் போய் இரண்டு ஸ்தாயிகளுக்கு இடையிலான தூரம் கலைந்துவிடுகிறது.

நாதஸ்வரத்தில் இந்த "விட்டுப்போன நுனி" எங்கே இருக்கிறது?

கெண்டையிலும் சீவாளியிலும். நீண்ட மரக்குழலான உலவின் துளை மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு. அதன் மேல்முனையில் உலோகக் கெண்டை, அதில் ரீட்டாகிய சீவாளி. கூம்பின் காணாமல்போன பகுதிக்கு ஈடுகொடுக்க வேண்டியது இந்த இரண்டின் உட்புறக் காற்றும், அதோடு சீவாளியின் நெகிழ்வும். மெல்லிய, இளகிய சீவாளி அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கும். வளைந்துகொடுப்பது ஒலியின் பார்வையில் கூடுதல் காற்று இருப்பதற்குச் சமம். எனவே சீவாளியை மாற்றுவது, கூடவே நுனியின் கொள்ளளவையும் கொஞ்சம் மாற்றுவதாகும். உலவும் கெண்டையும் அப்படியே இருக்க, ஒரு சீவாளியில் மேல் ஸ சரியாக நின்று இன்னொன்றில் நிற்காமல் போவதை இந்த வழியில் விளங்கிக்கொள்ளலாம்.

இரட்டை ரீட் என்றால் எல்லாச் சீரிசையும், ஒற்றை ரீட் என்றால் ஒற்றைப்படை மட்டும் என்று ஒருவர் சொன்னார்.

தவறு. சாக்ஸபோன் ஒற்றை ரீட், ஆனால் கூம்பு, எல்லாம் வரும். அர்மேனியாவின் துதுக் இரட்டை ரீட், ஆனால் உருளைத் துளை. அதன் நீளத்துக்குப் பொருந்தாத ஆழத்தில் அது ஒலிப்பது மூடிய உருளை என்பதால்தான். கிளாரினெட் மவுத்பீஸை ஒரு பிவிசி குழாயில் செருகினாலும் சரி, சாக்ஸபோன் மவுத்பீஸை அதே குழாயில் செருகினாலும் சரி, வருவது கிளாரினெட் சாயல்தான்.

புல்லாங்குழலும் உருளைதானே, அதில் மேல் ஸ வருகிறதே?

அதன் இரு பக்கமும் திறந்தவை. ஊதுதுளையே ஒரு திறந்த முனை. அந்தப் பக்கம் மூங்கில் அடைபட்டிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்து கிளாரினெட்டைப் பார்த்தேன். இரட்டைப்படைக் கோடுகளும் தெரிகின்றன. பாடம் பொய்யா?

பாடம் சொல்வது குழலின் ஒத்ததிர்வு எங்கே இருக்கிறது என்பதை. ஆப் காட்டுவது வெளியே வரும் ஒலியை. ரீட் மூடித் திறப்பது ஒழுங்கான சைன் அலையாக இருப்பதில்லை. சீராகத் திரும்பத் திரும்ப வரும் எந்த அசைவிலும் இரண்டாவது, நான்காவது மடங்குகள் கலந்திருக்கலாம். குழல் அவற்றை வளர்த்துவிடுவதில்லை, அவ்வளவுதான்.

கீழ் ஸ்தாயியில் ஒரு சுரத்தை அடக்கமாக வாசித்துப் பாருங்கள். இரண்டாவது கோடு முதலாவதையும் மூன்றாவதையும்விட மிகக் குட்டையாக இருக்கும், நான்காவதும் அப்படியே. மேலே போகப் போக வேறுபாடு மங்கிவிடும். சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேல் அலை திறந்த விரல்துளைகளைத் தாண்டி ஓடிவிடுவதால் குழல் "மூடிய உருளை"யாகவே நடந்துகொள்வதில்லை. மேல் ஸ்தாயியில் வாசித்தால் ஒற்றைப்படை ஆதிக்கம் காதுக்கும் ஆப்புக்கும் கிட்டத்தட்ட மறைந்துவிடும். கோடுகளின் உயரத்தை வைத்துத் துளை உருளையா கூம்பா என்று தீர்ப்பு சொல்ல வேண்டாம். ஸ்தாயிச் சாவியை அழுத்திவிட்டு, எந்தச் சுரத்துக்குத் தாவுகிறது என்று கேளுங்கள். ரீட் குழலில் மேல் ஸ என்றால் கூம்பு, அதற்கும் மேலே உள்ள ப என்றால் உருளை.